வீட்டுக்குப் போகும் முன்: அப்பாவின் பக்கவாதம் பற்றிக் குடும்பத்தாருக்கு

மூளையின் இடது பக்க ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்ததால்தான் அப்பாவுக்கு வலது கைகால் தளர்ந்து, பேச்சு குழறுகிறது. இது திரும்ப வரலாம். முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் வேண்டும்.

வாய் கோணுதல், தூக்கிய கை தொங்கிவிடுதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். அவருக்கு ஏற்கெனவே பலவீனம் உண்டு; ஆகவே நேற்றைவிடத் திடீரென மோசமானதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் சரியானாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைச் செல்கள் சாகின்றன. ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம்: ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. தண்ணீரும் வேண்டாம், புரையேறும். விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதெல்லாம் வீண்.

முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வேகம், பிறகு மெதுவாகத் தொடரும். தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பைத் தாங்குங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி படுக்கவிடாதீர்கள். வலது கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா பாருங்கள்.

பிரஷர் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். இறக்கி வைத்திருப்பதே அதுதான். காரணமில்லாமல் அழுதால் பிடிவாதம் என்று அதட்டாமல் அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள், மருந்து உண்டு.