மதியம் மூன்று மணிக்கு என்ன வேலை?

வணக்கம். நடுவயதில் வேலை மாறுவதைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குச் சனிக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். இதில் பாதிப் பேராவது வீட்டில் "கம்பெனி மீட்டிங்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். நானும் அப்படி ஒரு ஆள்தான்.

இப்போது இதே மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அதற்கு முன்னால் 16 வருடம் மெடிக்கல் ரெப். மதுரை ஹெட்குவார்ட்டர்ஸ், போய்விட்டு அன்றே திரும்பும் திருமங்கலம், மேலூர் எக்ஸ்-ஸ்டேஷன், இரவு தங்க வேண்டிய தேனி, கம்பம் அவுட்-ஸ்டேஷன். ரெப்புகள் யாராவது இங்கே இருந்தால் இந்த வார்த்தைகளைக் கேட்டதுமே கால் வலித்திருக்கும். பை நிறைய சாம்பிள், கையில் விஷுவல் எய்டு. ஓ.பி. முடியும்வரை கிளினிக் வாசலில் நிற்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு டாக்டர் கூப்பிட்டால் கிடைப்பது இரண்டு நிமிடம், அதற்குள் மூன்று மருந்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு யார் யாரைப் பார்த்தோம் என்று டிசிஆர் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மருந்தை மொத்தமாக வாங்கி விற்கும் ஸ்டாக்கிஸ்ட் கடையில் உட்கார்ந்து, "அண்ணே, இன்னும் ரெண்டு கேஸ் எடுத்துக்கோங்க" என்று கெஞ்ச வேண்டும்.

அந்த வேலை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. நன்றாகவே செய்தேன். ஆனால் நாற்பதை நெருங்கும்போது, எனக்கு அடுத்த படி என்ன என்று பார்த்தேன். ஏரியா மேனேஜர். சின்னப் பையன்களின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய், டார்கெட் வரவில்லை என்று அவர்களையே திட்டும் வேலை. அது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. வேறு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ரெப் வேலையை விடுகிறவர்கள் வழக்கமாக மெடிக்கல் ஷாப் வைப்பார்கள். மருந்து தெரியும், ஸ்டாக்கிஸ்ட் தெரியும், டாக்டர் தெரியும். எனக்கும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். லீவு போட்டுவிட்டு நண்பரின் கடையில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் இருக்கும் சாயங்கால நேரத்தை விடுங்கள், அது யாருக்கும் பிடிக்கும். மதியம் மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தேன். எக்ஸ்பயரி ஆன அட்டைகளைப் பொறுக்கி எடுத்து ரிட்டர்ன் போடுவது, பில்லோடு பேட்ச் நம்பரை ஒப்பிடுவது, பார்மசிஸ்ட் வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்று போன் போடுவது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் கடை நடத்த முடியாது, நான் பி.எஸ்சி. வேதியியல், டி.பார்ம் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டு நான் நாள் முழுக்க அட்டை எண்ண வேண்டும். அந்த வாரத்திலேயே அந்த யோசனை முடிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

ஆசிரியர் யோசனை தானாக வந்தது. 2020-இல் ஊரடங்கு. கிளினிக்கில் ரெப்பை உள்ளே விடவில்லை. கீழ்வீட்டுப் பையன் ஒன்பதாவது, போனில் வகுப்பு. வேதியியல் சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியவில்லை என்று அவன் அம்மா அனுப்பி வைத்தார். பையனுக்குப் புரிந்தது, எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நான் நம்பவில்லை. ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது யாருக்குத்தான் பிடிக்காது? அதனால் ஊரடங்கு தளர்ந்ததும், தெரிந்தவர் நடத்திய டியூஷன் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கக் கேட்டேன். கூடவே விடைத்தாள் திருத்தும் வேலையையும் கேட்டு வாங்கினேன். அறுபது தாளிலும் அதே கேள்வி. நாற்பது தாளில் அதே தப்பு. எரிச்சல் வந்ததா? வந்தது. ஆனால் நாற்பதாவது தாளிலும், "இவன் எந்த இடத்தில் வழுக்குகிறான்" என்று தேடிக்கொண்டிருந்தேன். எக்ஸ்பயரி அட்டையில் எனக்கு அப்படி எதுவும் தேடத் தோன்றவில்லை.

ஒரு வேலையின் நல்ல பகுதி வெளியிலிருந்தே தெரியும். அதைப் பார்த்துத்தான் நமக்கு ஆசையே வருகிறது. அதன் சலிப்பான பகுதி உள்ளே போனால்தான் தெரியும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறவர்கள் நிறைய. எந்தச் சலிப்பை உங்களால் வருடக்கணக்கில் தாங்க முடியும் என்று நான் கேட்பேன்.

சரி, பணம். பி.எட். இரண்டு வருடம், நேரில் போய்ப் படிக்க வேண்டும். வேலையை விட்டால்தான் முடியும். என் மனைவிக்குச் சம்பளம் இருந்தது. அது இல்லாவிட்டால் இந்தக் கதையே வேறு, அதை மறைத்துப் பேச மாட்டேன். கையில் என்ன வரும் என்று கணக்குப் போட்டோம். ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. நான் விட்டபோது, கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.-வும் சேர்த்து 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டியிருந்தது. எனக்கு 26,000 ரூபாய், 16 வருடம், ஆக 2,40,000. மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். பி.எஃப்.-இன் பென்ஷன் பகுதிக்கு 10 வருட சர்வீஸ் முடிந்திருந்தால் பின்னாளில் பென்ஷன் உண்டு. ஒன்பதாவது வருடத்தில் இருப்பவர்கள் ராஜினாமா தேதியை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்த பாலிசி எடுத்துவிட்டு அப்புறம் கடிதம் கொடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்குப் புது பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்.

2022-இல் பி.எட். சேர்ந்தேன். இங்கே பேச வருகிறவர்கள் உங்கள் பழைய திறமை புது வேலையில் கைகொடுக்கும் என்பார்கள். எனக்குக் கைகொடுக்கவில்லை, குறுக்கே நின்றது. பயிற்சிக்கு ஒரு பள்ளியில் விட்டார்கள். என் வகுப்பைப் பார்த்த ஆசிரியை என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என் நோட்டில் சிவப்பு மையில் எழுதினார்: "அருமையாகப் பேசுகிறீர்கள் சார். பிள்ளைகள் எப்போது பேசுவார்கள்?" இரண்டு நிமிடத்தில் மூன்று மருந்து விற்றவன், நாற்பது நிமிடமும் விற்றுக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. கைகொடுத்தது நான் திறமை என்றே நினைக்காத ஒன்று: மூஞ்சியில் அடித்த மாதிரி "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்ன டாக்டரிடம் மறுநாள் சிரித்துக்கொண்டு போவது. பதினைந்து வயதுப் பையன்களிடம் தினமும் தேவைப்படுவது அதுதான்.

சம்பளம் பழையதில் பாதிக்கும் கீழே. முதல் வருடம் தீபாவளிக்கு அது நன்றாகவே உறைத்தது. இரண்டாவது மகளின் பள்ளியை மாற்றினோம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே. அவள் இன்னும் அதற்காக என்னிடம் கோபமாகத்தான் இருக்கிறாள், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

என் கதை இவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்து ஹாலில் நர்சரி நடத்துகிறவர், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவர், சோலார் பேனல் மாட்டுகிறவர், லேப் டெக்னீஷியன் என்று தனித்தனி மேஜையில் இருப்பார்கள். எல்லோரும் நடுவயதில் மாறியவர்கள். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று கேளுங்கள், தப்பில்லை, சொல்வார்கள். கூடவே, போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் கேளுங்கள். ஒரு நாள் உங்களோடு வந்து உட்காரலாமா என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். அந்த நிபந்தனையோடுதான் அவர்களை அழைத்திருக்கிறோம். நன்றி. சாப்பாடு முதல் மாடியில்.