வியட்நாமில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு டெட் புத்தாண்டு வாழ்த்து

அன்புள்ள தாத்தா, பாட்டி,

இதைத் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். ரொம்ப வேகமாகப் படித்தால் நிறுத்தச் சொல்லுங்கள் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

குதிரை வருடம் பிறக்கிறது. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நூறு வயது வரை எங்களோடு இருக்க வேண்டும். தாத்தாவுக்கு நம் கணக்கில் இந்த டெட்டோடு 80 வயது. ஊரில் பெரியவர்களுக்கு மரியாதை செய்யும்போது அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பீரோவிலேயே வைத்துவிடாதீர்கள். எனக்குப் போட்டோ வேண்டும்.

பாட்டி, நான் பிறந்ததும் குதிரை வருடம் என்பதால், சொந்த வருடம் ஆகாது, ஜாக்கிரதை என்று போன தடவை போனில் மூன்று முறை சொன்னீர்கள். சரி, ஜாக்கிரதையாகவே இருக்கிறேன். சைக்கிளில் இரவில் போவதில்லை. கழுத்தில் நீங்கள் பின்னிய மப்ளர் இருக்கிறது.

இங்கே ஜப்பானில் டெட்டுக்கு விடுமுறை கிடையாது. திங்கள் இரவு எனக்கு நைட் ஷிஃப்ட். ஆனால் ஒரு அதிர்ஷ்டம்: எங்கள் சாப்பாட்டு இடைவேளை இரண்டு மணிக்கு. அப்போது அங்கே சரியாக நள்ளிரவு, புது வருடம் பிறக்கும் நேரம். அதனால் முதல் போன் என்னுடையதுதான். போனைப் பூசை மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொள்ளுத்தாத்தா படத்துக்கு நானும் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

நேற்று அறையில் நாலு பேர் சேர்ந்து, அரிசியை இலையில் பொதிந்து பான் சுங் கட்டினோம். நகோயாவில் அதைப் பொதிகிற ஸோங் இலை உறைய வைத்துத்தான் கிடைக்கிறது. பிரித்தாலே ஓரம் கிழிகிறது. தாத்தா கட்டினால் செங்கல் மாதிரி சதுரமாக நிற்கும். நான் கட்டியது தலையணை மாதிரி ஆகிவிட்டது. பத்து மணி நேரம் வேகவைத்தோம். பிரித்தபோது வந்த வாசனையில் நம் அடுப்படி ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அங்கே இன்று ராத்திரி பானை ஏறுமே. தண்ணீர் ஊற்ற தாத்தா எழுந்திருக்கக் கூடாது. சித்தப்பா பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன்.

தங்கையிடம் இரண்டு சிவப்பு உறைகள் இருக்கின்றன, உங்களுக்கு. சின்ன வயதில் எனக்குப் புது நோட்டாக, மடிப்பில்லாமல் கொடுப்பீர்கள். நானும் புது நோட்டாகத்தான் மாற்றச் சொன்னேன். இதைச் சேர்த்து வைக்காதீர்கள். தாத்தாவுக்கு நல்ல தேயிலை, பாட்டிக்கு முழங்காலுக்கு ஏதாவது.

அப்புறம், மிஞ்சிய அரிசியில் எனக்கென்று ஒரு குட்டிப் பான் சுங் கட்டுவீர்கள் இல்லையா? இந்த வருடமும் கட்டுங்கள். தங்கை சாப்பிடட்டும். ஆனால் கேமராவுக்கு முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த பேரன்