இலை ஷெட்: நாடகப் பகுதியும் விடையும்

பதினோராம் வகுப்பு, தமிழ், மாதிரித் தேர்வு. பிரிவு 4: நாடகம் (20 மதிப்பெண்)

பின்வரும் காட்சியைப் படித்து வினாக்களுக்கு விடையளி.

(கோத்தகிரி அருகே ஒரு சிற்றூர். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டு வாங்கும், தகரக் கூரை போட்ட இலை ஷெட். மழை. நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் முள் தராசு. அதன் முகம் பார்வையாளர் பக்கம். இலை வாங்கும் ஏஜென்ட் முருகேசன் தராசுக்கு முன்னால், கையில் நோட்டு. செல்லம்மாவும் பேரன் கதிரும் பின்னால்.)

1 முருகேசன்: (கொழுந்துப் பையைக் கொக்கியில் மாட்டி) முப்பத்திரண்டு. (எழுதிக்கொண்டே) இருபத்தெட்டு.

2 கதிர்: முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டு இருபத்தெட்டு எழுதுறீங்க?

3 முருகேசன்: தண்ணிக்கு ரெண்டு, பைக்கு ரெண்டு. உங்க ஆயாவுக்குத் தெரியும்.

4 செல்லம்மா: தெரியும் தம்பி. அவன் சின்னப் பையன். (முக்காட்டை இழுத்துவிடுகிறாள்) போன வாரமும் அப்படித்தானே.

5 கதிர்: போன வாரம் வெயிலு, ஆயா.

(அமைதி. கூரையில் மழைச் சத்தம்.)

6 முருகேசன்: (சிரித்து) படிக்கிற புள்ளை, கணக்கு நல்லா வருது. இவன் ஃபீஸுக்குக் குடுத்த மூவாயிரமும் கணக்குலதான் இருக்கு அக்கா. அதையும் சொல்லிக் குடுங்க.

(செல்லம்மா பதில் சொல்லவில்லை. பையைத் தானே இறக்குகிறாள். கொழுந்தைப் படுதாவில் கொட்டுகிறாள். காலிப் பையைக் கொக்கியில் மாட்டுகிறாள். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடாமல் நிற்கிறது.)

7 கதிர்: ஆயா!

8 செல்லம்மா: (முள்ளைப் பார்க்காமல்) தம்பி, நீயே பார்த்துச் சொல்லு. எனக்குக் கண்ணு மங்கல்.

9 முருகேசன்: (சற்று நேரம் கழித்து) தராசு பழசு அக்கா.

10 செல்லம்மா: பழசுதான். முப்பத்திரண்டு காட்டினதும் இதே தராசுதான். (பையை முறுக்கிப் பிழிகிறாள், தண்ணீர் சொட்டுகிறது) தண்ணிக்குக் கழிச்சது இருக்கட்டும். மழை பெஞ்சது நெசம். பைக்கு மட்டும் திருப்பி எழுதிக்க.

11 முருகேசன்: (பழைய எண்ணை அடித்து) முப்பது.

12 கதிர்: அப்ப போன வாரத்துக்கு?

13 செல்லம்மா: வாடா, பஸ் போயிரும்.

(இருவரும் போகிறார்கள். முருகேசன் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டுகிறான். விளக்கு அணைகிறது.)

(அ) மேடை அமைப்பு இக்காட்சியின் மோதலுக்கு எவ்வாறு களம் அமைக்கிறது? (4)
(ஆ) செல்லம்மாவின் பேச்சும் மௌனமும் அவளைப் பற்றி உணர்த்துவன யாவை? (8)
(இ) 'இக்காட்சியில் வென்றவள் செல்லம்மா.' இக்கூற்றை ஆராய்க. (8)

மதிப்பீட்டுக் குறிப்பு: கதையைத் திருப்பிச் சொல்வதற்கு மதிப்பெண் இல்லை. பகுதியிலிருந்து சான்று, சான்றின் விளக்கம், மேடையில் அதன் விளைவு ஆகிய மூன்றும் சேரும்போதே முழு மதிப்பெண். (இ)-இல் எந்த நிலைப்பாடும் ஏற்கப்படும். எதிர்ப்பக்கத்தையும் எடைபோட்டிருக்க வேண்டும்.

விடை

(அ) தராசின் முகம் பார்வையாளர் பக்கம் இருக்கிறது. முருகேசன் அதன் முன்னால் நிற்கிறான். இலையைப் பறித்து வந்தவர்களோ பின்னால் நிற்கிறார்கள். எனவே எடையைப் பார்க்கும் வசதி ஏஜென்ட்டுக்கும் நமக்கும் மட்டுமே உண்டு. 'முப்பத்திரண்டு' என்று அவன் சொல்வதை முள்ளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம், அடுத்த நொடியே 'இருபத்தெட்டு' என்று எழுதுவதையும் பார்க்கிறோம். அவனுடைய கணக்குக்கு நாமும் சாட்சிகள் ஆகிவிடுகிறோம். பாத்திரத்துக்கு எட்டாதது பார்வையாளருக்கு எட்டும் இந்த நாடக முரணை ஆசிரியர் வசனம் எதுவும் இல்லாமல், ஒரு பொருளைத் திருப்பி வைத்தே உண்டாக்கிவிடுகிறார். மழையும் வெறும் பின்னணி இல்லை. 'தண்ணிக்கு ரெண்டு' என்ற கழிவுக்கு அதுவே காரணம். 'போன வாரம் வெயிலு' என்று கதிர் சொன்னதும் அதே மழை முருகேசனுக்கு எதிராகத் திரும்புகிறது. அந்த இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட, மழைச் சத்தம் மட்டும் கேட்கும்படி மேடைக்குறிப்பு அமைந்திருப்பது இதனால்தான்.

(ஆ) செல்லம்மா முதலில் பேசுவது முருகேசனுக்கு ஆதரவாக. 'தெரியும் தம்பி. அவன் சின்னப் பையன்' (வரி 4) என்று பேரனின் கேள்விக்கு அவளே சமாதானம் சொல்கிறாள். ஏமாற்றப்படுவது தெரியாதவள் என்று இதை வைத்து முடிவு செய்ய முடியாது. 'தெரியும்' என்ற சொல்லே அதை மறுக்கிறது. கழிவு உண்டு என்பதும், அதில் ஒரு பகுதி நியாயமற்றது என்பதும் அவளுக்குத் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு 'போன வாரமும் அப்படித்தானே' என்கிறாள். அதை ஒப்புதலாகவும் கேட்கலாம், குத்தலாகவும் கேட்கலாம். நடிப்பவர் எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். நான் இதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதன் உள்ளே இருந்த பொய்யைக் கதிர்தான் அடுத்த வரியில் வெளியே எடுக்கிறான். அவளுக்கே குத்தும் எண்ணம் இருந்திருந்தால் அவன் வரி வீணாகிவிடும்.

அவள் மாறும் இடம் வரி 6-க்குப் பின்னே வரும் மௌனம். மூவாயிரம் ரூபாயை முருகேசன் பேரனுக்கு முன்னால், அதுவும் சிரித்துக்கொண்டே, எடுத்துப் போடுகிறான். இங்கே அவள் அழுதிருக்கலாம். தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் இளிவு, வறுமை ஆகிய இரண்டும் இந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன: இல்லாமையும், அது பிறர் முன் சொல்லப்பட்ட அவமானமும். ஆனால் மேடையில் அழுகை வருவதில்லை. 'பதில் சொல்லவில்லை' என்ற குறிப்பைத் தொடர்ந்து இறக்குகிறாள், கொட்டுகிறாள், மாட்டுகிறாள் என்று மூன்று செயல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. காட்சியின் தொடக்கத்தில் பையைக் கொக்கியில் மாட்டியது முருகேசனின் கை. இப்போது மாட்டுவது அவள் கை. ஷெட்டில் இலை கொடுப்பவர் ஏஜென்ட்டின் தராசைத் தொடுவது சின்ன விஷயம் இல்லை. அவள் அதைக் கோபக் கூச்சல் இல்லாமல், வேலை செய்கிற இயல்போடு செய்கிறாள். தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றான தறுகண், அதாவது அஞ்சாமை, இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. வெகுளி, அதாவது கோபம், என்று எழுதினால் அவள் நிதானத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டதாகும்.

வரி 8 இந்தப் பகுதியிலேயே கூர்மையானது. 'முள்ளைப் பார்க்காமல்' என்ற குறிப்பும் 'எனக்குக் கண்ணு மங்கல்' என்ற வசனமும் சேர்ந்தே பொருள் தருகின்றன. அவள் பார்க்காமல் இருப்பது பார்வை மங்கியதாலா, முடிவு முன்பே தெரிந்ததாலா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. எதுவானாலும் விளைவு ஒன்றே: உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை முருகேசன் தலையில் விழுகிறது. 'நீ திருடிவிட்டாய்' என்று அவள் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. 'தம்பி' என்றே அழைத்து, படித்துச் சொல்லும்படி கேட்கிறாள். அவன் எண்ணைச் சொல்லாமல் 'தராசு பழசு' என்று நழுவும்போது, அந்தச் சாக்கையே பிடித்துக்கொள்கிறாள்: 'முப்பத்திரண்டு காட்டினதும் இதே தராசுதான்.' தராசு தவறு என்றால் முதல் எடையும் தவறு. சரி என்றால் பைக்குக் கழித்தது தவறு. இரண்டில் எதை எடுத்தாலும் அவனுக்கு வழியில்லை. கணக்கு வருவது கதிருக்கு மட்டும் இல்லை என்பது இங்கே தெரிகிறது.

(இ) கூற்றை ஏற்பதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. இருபத்தெட்டு அடிக்கப்பட்டு முப்பது ஆகிறது. அதுவும் முருகேசன் கையாலேயே. மேலும், முழுவதையும் கேட்காமல் 'தண்ணிக்குக் கழிச்சது இருக்கட்டும்' என்று அவள் விட்டுக்கொடுப்பது பலவீனம் இல்லை. பையைப் பிழிந்து தண்ணீர் சொட்டுவதைக் காட்டிய பிறகே அதைச் சொல்கிறாள். தனக்கு எதிரான சான்றையும் தானே முன்வைப்பவள் கேட்கும் மீதி இரண்டு கிலோவை யாரும் மறுக்க முடியாது. (நனைந்த இலைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது இந்தப் பகுதிக்கு வெளியே உள்ள செய்தி என்பதால் சான்றாக எடுக்கவில்லை.)

எதிர்ப்பக்கம் இதைவிட வலுவானது என்று நினைக்கிறேன். முதலாவது, மூவாயிரம். காட்சியில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எடையில் தோற்ற முருகேசன் கடனில் தோற்கவில்லை. கடைசியில் அவன் நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டுகிறான். பழைய கழிவுகளைத் திருத்தப் போகிறான் என்றும் இதைப் படிக்கலாம். கடன் எழுதிய பக்கத்தைத் தேடுகிறான் என்றும் படிக்கலாம். முந்தியதற்கு இடம் குறைவு. எண்ணை அடித்துத் திருத்தும்போது அவன் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை, 'முப்பது' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவும் இல்லை. 'தராசு பழசு' என்றவன் மனம் மாறியதற்கு அறிகுறி எதையும் ஆசிரியர் தரவில்லை.

இரண்டாவது, வரி 12. 'அப்ப போன வாரத்துக்கு?' என்று கதிர் கேட்பது காட்சியின் நியாயமான அடுத்த கேள்வி. வெயில் அடித்த வாரத்தில் தண்ணீருக்கும் கழித்திருக்கிறான் என்றால், இன்று மீட்டதைவிட அன்று போனது அதிகம். செல்லம்மா 'பஸ் போயிரும்' என்று பேச்சை மாற்றுகிறாள். பேரன் எதிரில் இன்னொரு முறை மூவாயிரம் பற்றிய பேச்சு வராமல் தடுக்கிறாள் என்று விளக்கலாம். அவள் இயல்புக்கு அது பொருந்தும். ஆனாலும் வரி 4-இல் அவனை அடக்கிய அதே செல்லம்மாவை இங்கே மீண்டும் பார்க்கிறோம். இடையில் நடந்தது அவளை முழுவதும் மாற்றிவிடவில்லை.

அதனால் அவள் மீட்டது பைக்கான இரண்டு கிலோவையும் பேரன் முன் தன் மதிப்பையும் என்ற அளவுக்கு மட்டுமே கூற்றை ஏற்கிறேன். வரி 12-க்கு முருகேசன் பதில் சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை. அந்த விடுதலையை அவனுக்குக் கொடுத்தது செல்லம்மாவின் கடைசி வரிதான்.