வில்லோ ஐலண்ட், 1978: சாரம் எதன் மேல் நின்றது?
நிகழ்வாய்வுக் குறிப்பு

சைட் இன்ஜினியர்கள், ஃபோர்மேன்கள், பாதுகாப்பு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு. நேரம் 90 நிமிடம். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக உட்காரவும். முதல் இரண்டு பகுதிகளைப் படித்து முடிக்கும் வரை கேள்விகளைப் பார்க்க வேண்டாம். காரணத்தை நீங்களே ஊகித்து ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நடந்தது

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் வில்லோ ஐலண்ட் என்ற சிற்றூர். அங்கே பிளெசன்ட்ஸ் அனல் மின் நிலையத்துக்கு இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் கட்ட வேண்டும். முதல் கோபுரம் முடிந்துவிட்டது. இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தது. முடியும்போது அதன் உயரம் 430 அடி. விபத்து நடந்த அன்று 166 அடி.

தரையிலிருந்து சாரம் கட்டி அவ்வளவு உயரம் போவது கட்டுப்படியாகாது என்பதால் கோபுரத்தோடு சேர்ந்து மேலேறும் சாரத்தைப் பயன்படுத்தினார்கள். இதற்குத் தரையில் கால் கிடையாது. ஏற்கெனவே போட்ட கான்கிரீட் சுவரில் போல்ட் போட்டு, அதிலேயே தொங்கும். ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு, அதாவது 5 அடி உயரத்துக்குக் கான்கிரீட். மறுநாள் ஷட்டரிங்கையும் சாரத்தையும் ஒரு படி உயர்த்தி அடுத்த அடுக்கு. கான்கிரீட்டை மேலே கொண்டுபோகும் தூக்கு உத்தரங்களும் கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி இதே அமைப்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. ஆட்கள், பலகை, தூக்கு உத்தரம், கான்கிரீட் வாளி ஆகிய எல்லாவற்றின் எடையும் கடைசியில் போய்ச் சேரும் இடம் சமீபத்தில் போட்ட சில அடுக்குகள்.

1978 ஏப்ரல் 26 அன்று 28ஆம் அடுக்கைப் போட்டார்கள். இரவு நல்ல குளிர். 27ஆம் தேதி, வியாழக்கிழமை காலை, 29ஆம் அடுக்கு தொடங்கியது. பத்து மணி தாண்டிய சற்று நேரத்தில் அன்றைய மூன்றாவது வாளி மேலே போய்க்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கிய கம்பி வடம் தொய்ந்தது. அந்தத் தூக்கு உத்தரம் கோபுரத்தின் உட்பக்கமாகச் சாய்ந்தது. அதன் கீழே 28ஆம் அடுக்கு பிய்ந்து, வட்டத்தின் இரண்டு பக்கமும் ஓடி, கோபுரத்தைச் சுற்றி உரிந்து வந்தது. சாரம், பலகை, கம்பி, பச்சைக் கான்கிரீட் எல்லாமே கோபுரத்தின் வெற்றுக் குழிக்குள் விழுந்தன. சாரத்தில் இருந்த 51 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சுற்றுவட்டார ஊர்க்காரர்களே அதிகம் வேலை செய்த சைட் அது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் இறந்தார்கள். அமெரிக்கக் கட்டுமான வரலாற்றின் மிக மோசமான விபத்தாக இன்றும் இதையே சொல்கிறார்கள்.

இங்கே நிறுத்தி ஊகத்தை எழுதுங்கள். பெரும்பாலும் வடம், போல்ட், தூக்கு உத்தரம் என்றுதான் எழுதுவார்கள். முதலில் கீழே வந்தது அதுதானே.

விசாரணை சொன்னது

அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் ஆய்வகம் இதை ஆராய்ந்தது. உடைந்த பாகங்களைச் சோதித்தார்கள். சைட்டில் பயன்படுத்திய அதே வகைக் கலவையை அந்த 24 மணி நேரத்தின் தட்பவெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுமைகள் எங்கெங்கே போயின என்று கணக்கிட்டார்கள். தூக்கு அமைப்பிலோ சாரத்திலோ ஷட்டரிங்கிலோ ஒரு பாகம் உடைந்ததால் விபத்து தொடங்கியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. 28ஆம் அடுக்கின் கான்கிரீட்டுக்குப் போதிய வலிமை வருவதற்குள் அதன் மேல் கட்டுமானச் சுமையை ஏற்றியதுதான் பெரும்பாலும் காரணம் என்று முடிவு செய்தார்கள்.

சரிந்த நேரத்தில் அந்தக் கான்கிரீட்டின் வயது சுமார் 20 மணி நேரம். அதன் அழுத்த வலிமை சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு அளவில்தான் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். நமக்குப் பழகிய அலகில் சொன்னால் 1.5 நியூட்டன்/சதுர மி.மீ. கலவை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அதே கான்கிரீட் சாதாரணமாகத் தாங்கியிருக்கும்.

தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் குற்றச்சாட்டுப் பட்டியல் இதைவிட நீளம். சுமை ஏற்றும் முன் சைட்டில் கான்கிரீட்டைச் சோதிக்கவில்லை. சாரத்தைச் சரியாகப் பிணைக்கவில்லை. இருக்க வேண்டிய போல்ட்டுகள் சில இடங்களில் இல்லை. ஆட்களுக்குப் பயிற்சி போதாது. அவ்வளவு பேர் மேலே இருக்க, இறங்கும் வழி ஒன்றே ஒன்று. ஒப்பந்ததாரர் கடைசியில் கட்டிய அபராதம் 85,500 டாலர். உயிருக்கு 1,700 டாலர் கூட வரவில்லை. குற்றவழக்கு எதுவும் பதிவாகவில்லை.

விடுபட்ட போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் எப்போதும் யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்க முடியும், யாரையாவது திட்டவும் முடியும். போல்ட் எல்லாம் சரியாக இருந்திருந்தாலும் அவை பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சைக் கான்கிரீட்டைத்தான். போல்ட்டைக் கணக்கில் எடுங்கள். ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்.

குளிரின் கணக்கு

கான்கிரீட் இறுகுவது வேதிவினை. நேரம் மட்டும் போதாது, சூடும் வேண்டும். இரண்டையும் சேர்த்து அளக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு. முதிர்ச்சி எண் என்பார்கள்:

M = Σ (T − T0) · Δt

T என்பது அந்த நேரத்தில் கான்கிரீட்டின் வெப்பநிலை. T0 என்பது அதற்குக் கீழே இறுகல் நின்றுவிடும் வெப்பநிலை. கணக்கு எளிதாக இருக்க இதைச் சுழியம் டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் 20 மணி நேரம் கிடந்த கான்கிரீட்டின் எண் 600. 6 டிகிரியில் அதே 20 மணி நேரம் கிடந்ததன் எண் 120. இரண்டுக்கும் "நேற்று போட்டது" என்றே டைரியில் எழுதியிருக்கும்.

வில்லோ ஐலண்டுக்கு ஐந்து வருடம் முன்பு, 1973 மார்ச்சில், வர்ஜீனியாவின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடம் சரிந்து 14 பேர் இறந்தார்கள். அங்கேயும் இளம் கான்கிரீட்டின் அடியிலிருந்து முட்டுக்கால்களை முன்கூட்டியே எடுத்ததுதான் சிக்கல். இந்த இரண்டு விபத்துகளும்தான் முதிர்ச்சி முறையைச் சைட்டுக்குக் கொண்டுவரத் தூண்டின. 1987இல் அதற்கென்று ASTM C1074 என்ற தரநிலை வந்தது.

பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால் இல்லை. 2016 நவம்பரில் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில், ஃபெங்செங் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தில் வேலைமேடை சரிந்து 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போதிய வலிமை வருமுன் ஷட்டரிங்கைக் கழற்றியது, அவசரப்படுத்திய கால அட்டவணை, குளிர். ஊரையும் வருடத்தையும் மாற்றினால் அதே கதை.

விவாதக் கேள்விகள்

1. உங்கள் முதல் ஊகத்தை எடுங்கள். "சாரம் சரிந்தது" என்ற சொல்லே நம் கண்ணைக் குழாயின் மேலும் கப்ளரின் மேலும் திருப்பிவிடுகிறதா? இந்த விபத்தில் சாரத்தின் அடித்தளம் எது என்று ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு உங்கள் சைட்டில் இப்போது நிற்கும் ஒவ்வொரு சாரத்துக்கும் அதே வரியை எழுதுங்கள். பால்கனி சிலாபிலிருந்து கிளம்பும் சாரம், லிஃப்ட் குழியில் துளையில் செருகிய குழாய், நேற்று மண் நிரப்பிய தரையில் வைத்த பலகை எல்லாம் இதில் சேரும்.

2. தினம் ஒரு அடுக்கு என்ற வேகத்தை யாரும் விபத்தன்று புதிதாகப் புகுத்தவில்லை. முதல் கோபுரமும் இதே முறையில்தான் எழுந்தது. இரண்டாவதில் 27 அடுக்கு பிரச்சினையில்லாமல் போயிற்று. "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்பது எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல? ஃபோர்மேன் ஒருவர் இந்த வாதத்தை உங்களிடம் சொன்னால் என்ன எண்ணைக் கேட்பீர்கள்?

3. நம் IS 456:2000இல் ஷட்டரிங் கழற்றும் கால அட்டவணை இருக்கிறது. சுவர், தூண், உத்தரப் பக்கங்களுக்கு 16 முதல் 24 மணி நேரம். வில்லோ ஐலண்டின் 20 மணி நேரம் இதற்குள்தான் வருகிறது. அப்படியானால் தவறு எங்கே? (நடத்துபவருக்கு: இரண்டு பதில் வர வேண்டும். அந்த அட்டவணை சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கும், 15 டிகிரிக்குக் கீழே போகாத வெப்பநிலைக்கும் மட்டும். இரண்டாவது, பக்கப் பலகையைக் கழற்றுவது வேறு, அந்தச் சுவரில் சாரத்தைத் தொங்கவிடுவது வேறு. கழற்றும் நேரத்தில் கான்கிரீட்டில் வரக்கூடிய தகைவைப்போல் இருமடங்கு வலிமையாவது இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதையும் படித்துக் காட்டவும்.)

4. "நம்ம ஊரில் ஏது சார் குளிர்?" இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஊட்டியில் ஜனவரி இரவைச் சொல்லலாம். ஆனால் சென்னையிலேயே பேசலாம்: சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட், இறுகலைத் தாமதப்படுத்தும் ரசாயனக் கலப்பு, பிளான்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த வண்டி. இவற்றில் எவை முதல் நாள் வலிமையைக் குறைக்கும்? உங்கள் சைட்டின் 7 நாள், 28 நாள் கியூப் முடிவுகள் இதைக் காட்டுமா?

5. கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு லேபுக்கு அனுப்பினால் அது எந்தக் கான்கிரீட்டின் வலிமையைச் சொல்கிறது? சுவரின் பக்கத்திலேயே, அதே வெயிலிலும் பனியிலும் வைத்த கியூபுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முடிவு எத்தனை மணிக்குள் யார் கைக்கு வந்தால் பயன்? இதில் அதிக நேரம் செலவழியுங்கள். பெரும்பாலான சைட்டுகளில் சோதனை நடக்கிறது, வேலை முடிந்த பிறகு.

6. பின்வரும் கட்டுப்பாடுகளில் எது விபத்தைத் தடுத்திருக்கும், எது சாவைக் குறைத்திருக்கும், எது இரண்டையும் செய்திருக்காது? ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், இரண்டாவது ஏணி, முழு போல்ட், குளிர் நாளில் வேகத்தைப் பாதியாக்குவது, சுமையை மூன்று நான்கு அடுக்கு கீழே உள்ள முதிர்ந்த கான்கிரீட்டுக்கு இறக்கும் வடிவமைப்பு, வேலை தேவையில்லாதவர்களை மேலே விடாமல் இருப்பது. பெல்ட்டை எதில் மாட்டுவார்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

7. பங்கேற்று நடிக்கும் பயிற்சி. காலை 7.30. உங்கள் சுவரில் கியூப் முடிவு 3 நியூட்டன். வடிவமைப்பாளர் கேட்டது 7. ரெடிமிக்ஸ் வண்டிகள் கிளம்பிவிட்டன, 40 பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் சைட் இன்ஜினியர், ஒருவர் புராஜெக்ட் மேனேஜர், ஒருவர் மேஸ்திரி. ஐந்து நிமிடம் பேசுங்கள். பிறகு குழுவில் உள்ள மற்றவர்கள் சொல்ல வேண்டியது: "வேண்டாம்" என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது, காகிதத்தில் யாரிடம் இருந்தது?

8. கடைசியாக எழுத்து வேலை. உங்கள் சைட்டில் சாரத்தை உயர்த்தும் முன் கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள். கான்கிரீட் போட்ட நேரம், இரவின் குறைந்த வெப்பநிலை, சைட்டில் வைத்த கியூபின் முடிவு, தேவையான வலிமை, பிணைப்புகளைப் பார்த்தவர், முடிவெடுத்தவர். ஆறு கட்டம் போதும். எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் வேலை நிற்க வேண்டும் என்று எழுதினால், அதை நாளைக் காலை உண்மையிலேயே நிறுத்தக்கூடியவரின் பதவியையும் பக்கத்தில் எழுதுங்கள். வகுப்பு முடியும்போது படிவத்தைத் தந்துவிட்டுப் போகவும்.