நான்காம் வார்டு வீடுகளுக்கு, பேச்சியம்மாள் எழுதிக்கொண்டது

வணக்கம். ஊராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது எல்லார் வாசலிலும் அரை நிமிஷம்தான் நின்றேன். இந்தத் தடவை திண்ணையில் உட்கார்ந்து பேசலாம் என்றுதான் வந்திருக்கிறேன். வயலுக்கோ பீடிக் கடைக்கோ போய் வீடு பூட்டியிருந்தால் இந்தத் தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவேன், வந்து படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கையில் கொடுத்த நாலு சீட்டில் வெள்ளைச் சீட்டுதான் நம்ம வார்டுக்கானது. அதில் எனக்குக் குத்தியவர்களுக்கு நன்றி. குத்தாதவர்கள் யார் யார் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, ஜெயித்ததே பதினோரு ஓட்டில்தான், அதனால் பார்த்தாலும் பாதித் தெருவோடு சண்டை போட வேண்டியிருக்கும். எதிர்த்து நின்ற மதினி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். காப்பி கொடுத்தார்கள், கூடவே ரெண்டு குறையும் சொன்னார்கள், ரெண்டும் நியாயம்தான்.

அக்டோபர் 20-ம் தேதி உறுதிமொழி எடுத்தோம். 22-ம் தேதி உறுப்பினர்கள் நாங்கள் ஓட்டுப் போட்டுத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். 2016 அக்டோபரில் பழைய ஆட்கள் இறங்கினார்கள், அப்புறம் இந்த 2021 வரை ஐந்து வருஷம் தனி அலுவலர்தான். அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம், நடுவில் தென்காசி தனி மாவட்டமே ஆகிவிட்டது, தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்பதுதான் கடைசி வரை தெரியவில்லை. இனிமேல் என்னிடம் சொல்லுங்கள்.

ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக் கூடாது. வார்டு உறுப்பினர் கையில் தனியாகப் பணம் எதுவும் கிடையாது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுவார்கள். ரோடு போடுகிறேன், வீடு வாங்கித் தருகிறேன், பையனுக்கு வேலை என்றெல்லாம் நான் சொன்னால் நம்பாதீர்கள். கூட்டத்தில் உங்கள் விஷயத்தைக் கேட்கலாம், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம், என்ன பதில் சொன்னார்கள் என்பதைத் திரும்ப உங்கள் வாசலுக்கே வந்து சொல்லலாம். "முடியாது" என்று சொல்லியிருந்தாலும் வந்து சொல்வேன். இதுவரை அதைக்கூட யாரும் சொன்னதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம் கிடைக்காது, நாலு வரிதான், அதனால் சுருக்கமாகச் சொல்லுங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள், "கோயிலுக்கு அந்தப் பக்கம்" என்றால் லைன் பார்க்க வருகிறவர் மூன்று கோயிலைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் என்றால் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எத்தனை குடம் நிறைகிறது என்று சொல்லுங்கள். மேட்டு வீட்டில் நாலு குடத்தோடு நின்றுபோகிறது, அதே நேரம் முக்குக் குழாயில் அடைப்பான் இல்லாமல் சாக்கடைக்குள் ஓடுகிறது. அந்தக் குழாய்க்கு என் தம்பி நேற்றே மூங்கில் குச்சியில் துணி சுற்றி அடைத்துவிட்டான், சின்னப் பிள்ளைகள் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரியான அடைப்பான் போடச் சொல்லியிருக்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. வாறுகாலை அள்ளிப் போட்ட மண் அங்கேயே கிடந்து மறுபடி உள்ளேயே விழுகிறது. எந்த வீட்டு முன்னால் என்று சொன்னால் தூய்மைக் காவலர்களிடம் சொல்லி அப்புறப்படுத்தப் பார்க்கிறேன், அவர்களும் ரெண்டே பேர்தான், கத்தாதீர்கள்.

இன்னொன்று. இது பெண்கள் வார்டு என்பதால் எங்க வீட்டுக்காரரை டீக்கடையில் பிடித்து விஷயத்தைச் சொல்கிறார்கள். அவர் வீட்டுக்கு வாங்கி வரச் சொன்ன உப்பையே மறந்துவிடுகிறவர். தயவுசெய்து என்னிடமே சொல்லுங்கள். காலையில் பீடி இலை நனைத்து வெட்டிக்கொண்டிருப்பேன், மதியத்துக்கு மேல் தட்டோடு வாசலில்தான் இருப்பேன், பீடி சுற்றிக்கொண்டே காது கொடுப்பேன், கை நிற்காது என்று தப்பாக நினைக்க வேண்டாம். சனிக்கிழமை மட்டும் கட்டுக் கொடுக்கக் கடைக்குப் போவேன்.

அக்டோபர் 2 கிராம சபை தேர்தலால் நடக்கவில்லை. அடுத்தது ஜனவரி 26. அங்கே வரவு செலவைப் படிப்பார்கள், புரியவில்லை என்றால் எழுந்து கேட்கலாம், கேட்கிற உரிமை உங்கள் எல்லாருக்கும் உண்டு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரிசையாக வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், பெரியம்மாக்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

என் போன் நம்பரைப் பின்பக்கம் பேனாவில் எழுதியிருக்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் குழாய் உடைந்தால் மட்டும் கூப்பிடுங்கள். இன்றைக்கு மேலத் தெரு முடியும், நாளைக்குச் சாயங்காலம் கீழத் தெரு. நாய் இருக்கிற வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
மு. பேச்சியம்மாள்
4-வது வார்டு உறுப்பினர்
24.10.2021