என் அம்மாவின் சேலைகள்

மெனிக் பாம், செட்டிகுளம்
2009 ஆகஸ்ட்
தரம் 4

ரீச்சர் பத்து வசனம் எழுதினால் போதும் என்றார். எனக்கு அதைவிடக் கூட வரும்.

என் அம்மாவிடம் பதினொரு சேலைகள் இருந்தன. கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிடும்போது அப்பா பெட்டியோடு உழவு இயந்திரத்தில் ஏற்றினார். தருமபுரத்திலும் விசுவமடுவிலும் பெட்டியைத் திறக்கவே இல்லை. அங்கே மண் இறுக்கம். பங்கர் வெட்டினால் அப்படியே நிற்கும்.

மாத்தளன் கடற்கரை. வெறும் மணல். அப்பா வெட்ட வெட்ட சரியும், கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர் ஊறும். அதனால் சேலையை வெட்டி, மடித்து, இரண்டு பக்கமும் தைத்து, மணல் நிரப்பி அடுக்க வேண்டும். ஒரு சேலையில் ஆறு மூட்டை வரும். அம்மம்மா தைப்பார், நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். நைலெக்ஸ் சேலைதான் நல்லது. பருத்தி, மழை பெய்தால் கிழிந்துவிடும். எங்கள் பங்கர்தான் வடிவு. பச்சை, மஞ்சள், பூப்போட்டது, எல்லாம் இருந்தது. வண்டு என்கிற வேவு விமானம் மேலே சுற்றும்போது நிறம் தெரியும் என்று அப்பா பிறகு மணலைத் தூவி மறைத்துவிட்டார்.

கூறைச்சேலையை மட்டும் அம்மா தரவில்லை. நான் பெரிய பிள்ளையானதும் எனக்குத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். சிவப்பு. கரையில் அன்னம் இருக்கும்.

ஏப்ரலில் ஒருநாள் குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கிறார்கள் என்று அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார். செல் குத்துகிற சத்தம் கேட்டது. நான் எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன், பிறகு விழுந்தது. அப்பா ஓடினார். அவர்கள் திரும்பி வந்தபோது பால்மா கிடைத்ததா என்று கேட்டேன். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்துத் தம்பியைச் சுற்றினார். முழுச்சேலையும். அவனுக்குப் பாதி போதும், அவன் சின்னவன். எனக்குத் தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். அம்மம்மா என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் மணல் இருந்தது.

அன்றிரவு நான் நடுவில் படுத்தேன். நடுவில் குளிராது. முன்பு அது தம்பியின் இடம்.

வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது எங்களிடம் பெட்டி இல்லை. இங்கே பதியும்போது எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். நான்கு என்று அப்பா மாற்றிச் சொன்னார். அப்பா கணக்கில் பிழை விடமாட்டார்.

போன கிழமை பக்கத்துக் கூடாரத்து அக்கா அம்மாவுக்கு ஒரு நீலச் சேலை கொடுத்தார். அம்மா அதை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் தடவிப் பார்த்தேன். நைலெக்ஸ்தான். ஆறு மூட்டை வரும் என்று அம்மாவிடம் சொன்னேன்.