எழும்ப வேண்டாம், மாஸ்டர்

மாஸ்டர், நான்தான் வந்திருக்கிறேன். எழும்ப வேண்டாம், அப்படியே சாய்ந்திருங்கள். கை கொடுக்கவும் வேண்டாம், அந்தக் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களைக் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல். கீழே பார்வையாளர் வரிசையில் நின்றபோது உங்களிடம் முதலில் என்ன சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், படியேறியதும் எல்லாம் மறந்துவிட்டது.

வருத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. காலையிலிருந்து வந்துபோன ஒவ்வொருவருக்கும் அதை முதலிலிருந்து சொல்லி உங்களுக்கு அலுத்திருக்கும். சொல்ல வேண்டும்போல் இருந்தால் நீங்களாகவே தொடங்குங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்காவைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி கன்ரீனுக்கு அனுப்பிவிட்டேன். அவர் திரும்பும்வரை நான் இங்கேதான் இருப்பேன், ஆகையால் தண்ணீர் வேண்டுமென்றாலும், தலையணையை உயர்த்த வேண்டுமென்றாலும், வந்தவரிடம் வேலை சொல்வதா என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் உங்களைத் தேடாத ஆளில்லை. நேற்று மாலை வழக்கம்போல ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனேன்; தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மூர்க்கமாக இருந்ததால், நாம் உட்காரும் கல்வரை அலை வந்து அடித்தது, அதனால் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பினேன். வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை நிமிடம் பிந்திவிட்டது என்று கணக்குச் சொல்ல ஆளில்லாததால், எது நேரத்துக்கு வந்தது, எது பிந்தியது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தேநீர்க்கடைக்குப் போனால், முதலாளி பழக்கத்தில் என் முன்னால் இரண்டு பிளேன்ரீயை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. திருப்பி எடுக்க அவருக்கும் மனமில்லை, கொடுக்க எனக்கும் மனமில்லை, இரண்டையும் நானே குடித்தேன். உங்களுடையதில் சீனி கிடையாது என்பதை இத்தனை வருடங்களில் நேற்றுத்தான் நாக்கால் அறிந்தேன். அதை எப்படித்தான் குடிக்கிறீர்களோ! சிரிக்க வேண்டாம், தையல் இழுக்கும்.

தமிழ்ச் சங்க நூலகத்தில் நீங்கள் எடுத்த இரண்டு புத்தகங்களையும் பற்றி யோசிக்க வேண்டாம். உங்கள் மகனிடமிருந்து வாங்கிப்போய்த் தவணையை நீடித்துவிட்டேன். மாடியிலுள்ள பூச்சாடிகளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தண்ணீர் ஊற்றுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே ஊற்றுகிறாள் என்று நினைக்கிறேன், ஆனால் அவளுடைய ஆர்வத்தைக் கெடுக்க விரும்பாமல் பேசாமல் வந்துவிட்டேன்.

சாப்பிடக்கூடியது எது என்று தெரியாததால் பழம் ஒன்றும் வாங்கவில்லை. இன்றைய வீரகேசரியும், மேசையில் கிடந்த உங்கள் வாசிப்புக் கண்ணாடியும் இந்தப் பையில் இருக்கின்றன. கண்ணாடியைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதிரையை ஜன்னல் பக்கமாகப் போட்டுக்கொள்கிறேன், வெளிச்சம் உங்கள் முகத்தில் படாது. பத்திரிகையை நான் வாசிக்கட்டுமா, அல்லது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறீர்களா?